கடைசி நேரத்தில் திணறும் தளத்திலிருந்து ஹால் டிக்கெட், ரிசல்ட் எடுப்பது: முழுமையான வழிகாட்டி

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வின் ஹால் டிக்கெட்டை எடுத்துக்காட்டாக வைத்து இதை எழுதுகிறேன். 2022-இல் இந்தத் தேர்வுக்கு 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். 2024-இலும் 20 லட்சத்தைத் தாண்டியது. இத்தனை பேரும் ஒரே தளத்துக்குத்தான் வந்தாக வேண்டும், ஹால் டிக்கெட் தபாலில் வராது. பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு நேரக் கணக்கு வேறு. அதைக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

முதல்முறை எழுதுபவர்கள் ஹால் டிக்கெட் எடுக்கும்போது அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். தளம் மெதுவாக இருப்பதால் மட்டும் மாட்டிக்கொள்பவர்கள் குறைவு. கடவுச்சொல் மறந்திருக்கும், மொபைல் எண் மாறியிருக்கும், அதோடு தளமும் மெதுவாக இருக்கும். மூன்றும் ஒரே இரவில் சேரும்போதுதான் சிக்கல். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

## 1. எந்த நாள், எந்த நேரம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஹால் டிக்கெட் பொதுவாகத் தேர்வுக்கு ஒரு வாரம் அல்லது பத்து நாள் முன்பு தளத்தில் ஏற்றப்படும். அந்த நாட்களில் இரண்டு முறை கூட்டம் நெரியும். ஒன்று, செய்தி பரவிய முதல் சில மணி நேரம். இன்னொன்று, தேர்வுக்கு முந்தின நாள் மாலை. நடுவில் இருக்கும் நாட்களில் அதே தளம் நன்றாகவே ஓடும்.

செய்தி வந்த மறுநாள் விடியற்காலை 5 முதல் 7 மணிக்குள் முயலுங்கள். முதல் நாள் ஆர்வத்தில் வந்தவர்கள் போய்விட்டிருப்பார்கள், ப்ரௌசிங் சென்டர்கள் இன்னும் திறந்திருக்காது. அன்று முடியாவிட்டால் அடுத்த நாளும் அதே நேரத்தில் பாருங்கள். மாலை 7 முதல் இரவு 10 வரை வேண்டாம். வேலை முடிந்து வீட்டுக்கு வருபவர்கள் எல்லோரும் உட்காரும் நேரம் அது.

சீக்கிரம் எடுக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குரூப் 4 தேர்வு பெரும்பாலும் சனி அல்லது ஞாயிறில் வருகிறது. 2022-இலும் 2024-இலும் ஞாயிறு, 2025-இல் சனி. தேர்வாணையத்தின் கட்டணமில்லா உதவி எண் 1800 419 0958 வேலை நாட்களில் அலுவலக நேரத்தில்தான் எடுக்கப்படும். வெள்ளிக்கிழமை இரவு ஒரு பிழை தெரியவந்தால் கேட்பதற்கு ஆள் கிடைக்காது. திங்கள் அல்லது செவ்வாயே எடுத்திருந்தால் அதைச் சரிசெய்ய நாட்கள் கையில் இருக்கும்.

## 2. தளத்தைத் திறக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

விண்ணப்ப எண், பிறந்த தேதி, ஒருமுறைப்பதிவின் பயனர் பெயர், கடவுச்சொல். இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்த மொபைல் சார்ஜோடும் சிக்னலோடும் பக்கத்தில் இருக்கட்டும்.

விண்ணப்ப எண் வேறு, ஒருமுறைப்பதிவு எண் வேறு. பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ஒருமுறைப்பதிவு எல்லாத் தேர்வுகளுக்கும் பொதுவான உங்கள் கணக்கு. விண்ணப்ப எண் ஒவ்வொரு தேர்வுக்கும் புதிதாக வரும். விண்ணப்பித்து முடித்தபோது சேமித்த பி.டி.எஃப்.-இல் அது இருக்கும். போன வருடத் தேர்வின் எண்ணைப் போட்டுவிட்டு, தளம் வேலை செய்யவில்லை என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

எண்ணை வாட்ஸ்அப்பிலிருந்து காப்பி செய்து ஒட்டினால் முன்னாலோ பின்னாலோ ஓர் இடைவெளி சேர்ந்து வரலாம். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தளம் தவறான எண் என்று சொல்லிவிடும். கையால் தட்டச்சு செய்வதே நல்லது.

## 3. ஹால் டிக்கெட் வரும் முன்பே ஒருமுறை உள்ளே நுழைந்து பாருங்கள்

இந்த ஒரு படியைச் செய்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். தேர்வுக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது தளம் காலியாக இருக்கும். அப்போது உங்கள் ஒருமுறைப்பதிவுக் கணக்கில் நுழைந்து, வெளியே வந்துவிடுங்கள். கடவுச்சொல் சரியா என்பதுதான் சோதனை.

மறந்துபோயிருந்தால் புதிதாக மாற்ற ஓ.டி.பி. தேவைப்படும். அது பதிவு செய்த எண்ணுக்குத்தான் வரும். அந்த சிம் இப்போது இல்லையென்றால் எண்ணை மாற்றும் வேலை தனியாக இருக்கிறது, ஓர் இரவில் முடியும் என்று நம்ப முடியாது. உதவி எண்ணை அழைத்துக் கேட்க வேண்டி வரலாம், அதற்கு வேலை நாள் வேண்டும்.

கூட்ட நேரத்தில் ஓ.டி.பி.யும் தாமதமாகத்தான் வரும். வரவில்லை என்று திரும்பத் திரும்ப அனுப்பச் சொன்னால், சற்று நேரம் கழித்து மூன்று நான்கு எண்கள் ஒன்றாக வந்து நிற்கும். பொதுவாகக் கடைசியாகக் கேட்டது மட்டுமே செல்லும். ஒருமுறை கேளுங்கள், சில நிமிடம் காத்திருங்கள், அதன் பிறகும் வராவிட்டால் மட்டும் மறுபடி கேளுங்கள்.

## 4. சரியான வாசல் வழியாகப் போங்கள்

முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்:

```
https://www.tnpsc.gov.in
```

கூகுளில் தேடினால் ஹால் டிக்கெட் என்ற பெயரில் வேலைவாய்ப்புச் செய்தித் தளங்கள் வரிசையாக வரும். அவற்றில் பல வெறும் விளம்பரத்துக்காக நடப்பவை. சிலவற்றில் உங்கள் பெயர், மொபைல் எண், பிறந்த தேதி எல்லாம் கேட்டு ஒரு படிவம் இருக்கும். அதில் எதையும் நிரப்ப வேண்டாம்.

முகவரி `.gov.in` என்று முடிகிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம், ஆனால் இங்கே அது மட்டும் போதாது. தேர்வாணையம் `tnpscexams.in` என்ற முகவரியையும் பயன்படுத்துகிறது. அது `.gov.in` இல்லை என்று பயந்து மூடிவிடுபவர்களும் உண்டு, அதைப் போலவே தோன்றும் வேறொரு பெயரை நம்பிவிடுபவர்களும் உண்டு. முதலில் `tnpsc.gov.in` போய், அதில் இருக்கும் இணைப்பை அழுத்தி மட்டுமே அடுத்த பக்கத்துக்குப் போங்கள். அப்போது இந்தக் குழப்பமே வராது.

வாட்ஸ்அப், டெலிகிராம் குழுவில் வந்த இணைப்பை அங்கேயே அழுத்தித் திறக்காதீர்கள். சில செயலிகள் தங்களுக்குள்ளேயே ஒரு குட்டி உலாவியில் பக்கத்தைத் திறக்கும். பக்கம் தெரியும், ஆனால் பதிவிறக்கம் நடுவில் நின்றுபோகலாம். க்ரோம் போன்ற முழு உலாவியைத் தனியாகத் திறந்துகொள்ளுங்கள்.

## 5. நுழைந்து, எடுத்து, வெளியேறும் வரிசை

ஒரே ஒரு டேபில் வேலை செய்யுங்கள். இரண்டு மூன்று டேப் திறந்தால் ஏதாவது ஒன்றில் கிடைத்துவிடும் என்று தோன்றும், நடப்பது வேறு. ஒரே உலாவியின் எல்லா டேப்களும் தளத்துக்கு ஒரே ஆளாகத்தான் தெரியும். இரண்டாவது டேபில் புதிய கேப்சா வந்தவுடன் முதல் டேபில் இருக்கும் கேப்சா செல்லாததாகிவிடும். சரியாகப் பார்த்து அடித்தும் தவறு என்று வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பாப்-அப் அனுமதியையும் முன்பே கொடுத்துவிடுங்கள். ஹால் டிக்கெட் பல நேரம் புதிய சாளரத்தில் திறக்கும், உலாவி அதைத் தடுத்துவிடும். பொத்தானை அழுத்தியும் எதுவுமே நடக்காததுபோல் இருந்தால், கணினியில் முகவரிப் பட்டையின் வலது ஓரத்தைப் பாருங்கள். தடுத்ததற்கான சிறு அடையாளம் அங்கே இருக்கும்.

அப்புறம் நுழையுங்கள். பயனர் பெயர், கடவுச்சொல், கேப்சா. கேப்சா புரியவில்லையென்றால் அதன் பக்கத்தில் இருக்கும் சுழலும் அம்புக்குறியை மட்டும் அழுத்துங்கள், முழுப் பக்கத்தையும் புதுப்பிக்க வேண்டாம். உள்ளே உங்கள் டேஷ்போர்டில் தேர்வின் பெயரைக் கண்டுபிடித்து, விண்ணப்ப எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்தால் ஹால் டிக்கெட் வரும்.

பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டால் இரண்டு நிமிடமாவது கையை எடுத்துவிடுங்கள். இதற்குத்தான் பொறுமை வேண்டும். உங்கள் கோரிக்கை ஏற்கெனவே சர்வரில் வரிசையில் நிற்கிறது. மறுபடி அழுத்தினால் அந்த இடம் போய் வரிசையின் கடைசியில் புதிதாகச் சேர்வீர்கள், பழைய கோரிக்கையும் அங்கே வீணாக ஓடிக்கொண்டிருக்கும். எல்லோரும் இப்படி அழுத்துவதால்தான் மெதுவாக இருக்கும் தளம் நின்றேபோகிறது. உலாவியின் பின்செல்லும் அம்புக்குறியையும் தொடாதீர்கள். பல அரசுத் தளங்களில் அதை அழுத்தினால் அமர்வு முடிந்து முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

## 6. நின்றுவிட்டால், திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்

எல்லாப் பிழையையும் சர்வர் டவுன் என்று சொல்லிவிடுகிறோம். திரையில் வரும் வாசகத்தைப் படித்தால் காத்திருப்பதா, எதையாவது திருத்துவதா என்பது தெரிந்துவிடும்.

`503 Service Unavailable` அல்லது `502 Bad Gateway` என்று வந்தால் சர்வரால் சமாளிக்க முடியவில்லை. உங்கள் பக்கம் தவறு இல்லை. கால் மணி நேரம் விட்டுவிட்டு வாருங்கள்.

`504 Gateway Timeout` கொஞ்சம் வேறு. உங்கள் கோரிக்கை உள்ளே போய்விட்டது, பதில் வரத்தான் நேரமாகிறது. கணக்கிலிருந்து வெளியேறாமல் மூன்று நிமிடம் கழித்து அதே பக்கத்தை ஒருமுறை மட்டும் புதுப்பித்துப் பாருங்கள். மறுபடி நுழைவது அதைவிடப் பெரிய வேலை.

`429 Too Many Requests` என்றால் உங்கள் இணைப்பிலிருந்து அளவுக்கு மேல் கோரிக்கை போயிருக்கிறது. ப்ரௌசிங் சென்டர், ஹாஸ்டல் வைஃபை போன்ற இடங்களில் எல்லோரும் ஒரே இணைப்பில் இருப்பதால் நீங்கள் ஒருமுறை முயன்றாலே இது வரலாம். மொபைல் டேட்டாவுக்கு மாறினால் சரியாகிவிடும்.

`ERR_CONNECTION_TIMED_OUT` வந்தால் உடனே வேறொரு தளத்தைத் திறந்து பாருங்கள். அதுவும் திறக்கவில்லையென்றால் சிக்கல் உங்கள் இணையத்தில்தான். `DNS_PROBE_FINISHED_NXDOMAIN` என்றால் பெரும்பாலும் முகவரியில் ஓர் எழுத்து பிசகியிருக்கும்.

`Session expired` என்று வந்தால் நீங்கள் அதிக நேரம் சும்மா விட்டுவிட்டீர்கள், அல்லது வேறு டேப் குறுக்கிட்டிருக்கிறது. எல்லா டேபையும் மூடிவிட்டு முதலிலிருந்து நுழையுங்கள். விண்ணப்ப எண் அல்லது பிறந்த தேதி தவறு என்ற செய்தி வந்தால், எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் மாறாது. சர்வர் உங்களுக்குச் சரியாகவே பதில் சொல்லிவிட்டது. கையில் இருக்கும் தாளைத்தான் மறுபடி பார்க்க வேண்டும். தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கலாம்.

## 7. வந்த கோப்பு முழுதாக வந்ததா?

பதிவிறக்கம் முடிந்தது என்று உலாவி சொன்னால் போதாது. திணறும் தளம் சில நேரம் பாதிக் கோப்பை அனுப்பும், அல்லது பிழைப் பக்கத்தையே பி.டி.எஃப். பெயரில் அனுப்பிவிடும். பார்த்துத் திருப்தியாக மொபைலை மூடிவிட்டு, தேர்வு நாள் காலையில் கடையில் திறந்தால் ஒன்றும் வராது.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. மொபைலை ஃப்ளைட் மோடில் போட்டு, கோப்பைத் திறந்து கடைசிப் பக்கம் வரை தள்ளுங்கள். இணையம் இல்லாமல் திறந்தால் கோப்பு உங்களிடம் உண்மையிலேயே இருக்கிறது.

பொத்தானை அழுத்தியதும் பதிவிறக்கமாகாமல் திரையில் மட்டும் தெரிந்தால், கணினியில் Ctrl+P அழுத்தி `Save as PDF` தேர்ந்தெடுங்கள். மறுபடி தளத்தைத் தொட வேண்டியதில்லை. உங்களுக்கே மின்னஞ்சலில் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள், வீட்டில் ஒருவர் மொபைலிலும் ஒன்று இருக்கட்டும். இன்னொரு முறை அந்த வரிசையில் நிற்காமல் இருக்க இதுதான் வழி.

ப்ரௌசிங் சென்டரில் எடுத்தால் கூடுதலாகக் கவனம் வேண்டும். அங்கே டவுன்லோட் பகுதியில் ஒரே மாதிரிப் பெயரில், பின்னால் (1), (2) என்று எண் போட்டு, பலருடைய ஹால் டிக்கெட் கிடக்கும். அவசரத்தில் இன்னொருவருடையதைப் பிரிண்ட் எடுத்து மடித்து வைத்துக்கொள்வது நடக்கிறது. பெயரைப் பார்த்து பிரிண்ட் எடுங்கள். முடிந்ததும் உங்கள் கோப்பை அழித்துவிட்டு, கணக்கிலிருந்து வெளியேறிவிடுங்கள்.

## 8. பிரிண்ட் எடுத்தவுடன் அங்கேயே படியுங்கள்

பெயர், புகைப்படம், கையொப்பம், தேர்வு மையத்தின் பெயரும் முகவரியும், வர வேண்டிய நேரம். 2025 குரூப் 4 தேர்வு காலை 9.30-க்குத் தொடங்கியது, 9 மணிக்குப் பின் வந்தவர்களுக்கு அனுமதி இல்லை. உங்கள் ஹால் டிக்கெட்டில் என்ன நேரம் அச்சாகியிருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள், போன வருட நினைவை அல்ல. ஒரே ஊரில் ஒரே பெயரில் ஆண்கள் பள்ளியும் பெண்கள் பள்ளியும் இருக்கும், அதனால் மையத்தின் முகவரியை முழுதாகப் படியுங்கள்.

புகைப்படம் அச்சாகவில்லை அல்லது தெளிவாக இல்லை என்றால் பதற வேண்டாம், இதற்கு வழி இருக்கிறது. ஒரு வெள்ளைத்தாளில் உங்கள் புகைப்படத்தை ஒட்டி, பெயர், முகவரி, பதிவெண் எழுதிக் கையொப்பமிட்டு, ஹால் டிக்கெட் நகலையும் ஆதார் போன்ற அடையாள அட்டையின் நகலையும் இணைத்து, மையத்தின் முதன்மைக் கண்காணிப்பாளரிடம் சான்றொப்பம் பெற வேண்டும். முன்கூட்டியே தெரிந்தால் இந்தத் தாளை நிதானமாகத் தயார் செய்யலாம்.

## 9. முந்தின இரவுதான் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால்

தேர்வு சனிக்கிழமை, இப்போது வெள்ளி இரவு 8 மணி, தளம் நகரவில்லை என்று வைத்துக்கொள்வோம். இப்போதே அடித்துப் பிடித்து முயல்வதைவிட, நேரத்தைப் பங்கிட்டுக்கொள்வது மேல்.

8 மணிக்கு ஒருமுறை முயலுங்கள். நுழையவே முடியாவிட்டால் 10 மணி வரை விட்டுவிடுங்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் அடையாள அட்டை, கருப்பு பால்பாயிண்ட் பேனா, போகவேண்டிய பேருந்து எல்லாவற்றையும் ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். பக்கத்தில் இரவில் பிரிண்ட் கிடைக்கும் கடை எது, காலையில் சீக்கிரம் திறக்கும் கடை எது என்று கேட்டு வையுங்கள். இதை மறந்துவிட்டு, கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு கடைகடையாக அலைபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும்.

10 மணிக்கு மேல் கூட்டம் குறையத் தொடங்கும். 10.30-க்கு ஒருமுறை, 11.30-க்கு ஒருமுறை முயலுங்கள். அதிலும் வராவிட்டால் தூங்கிவிட்டு விடியற்காலை 4.30-க்கு எழுந்திருங்கள். அந்த நேரத்தில் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் பிரிண்ட் எடுத்து மையத்துக்குப் போகும் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். மையம் வெளியூரில் என்றால் காலை வரை தள்ளிப்போட முடியாது, இரவே முடித்தாக வேண்டும்.

வேறு ஊரில் இருக்கும் நண்பரிடம் முயலச் சொல்லலாம். ஆனால் கடவுச்சொல்லைக் குழுவில் போடாதீர்கள், நம்பிக்கையான ஒருவரிடம் தொலைபேசியில் சொல்லுங்கள். அவர் முயலும்போது நீங்கள் அதே கணக்கில் நுழையாதீர்கள், ஒருவர் நுழைந்தால் மற்றவர் வெளியே தள்ளப்படலாம்.

## 10. ரிசல்ட் என்றால் அவசரம் உங்களுக்கு இல்லை

ஹால் டிக்கெட்டுக்குச் சீக்கிரம் போ என்றேன். ரிசல்ட்டுக்குத் தாமதமாகப் போங்கள். 2025-இல் பிளஸ் டூ ரிசல்ட் மே 8 காலை 9 மணிக்கு வந்தது. 9 மணி என்று அறிவித்தால் 9 மணிக்கே லட்சக்கணக்கான பிள்ளைகளும் பெற்றோரும் உறவினர்களும் ஒரே நொடியில் தளத்தைத் திறக்கிறார்கள். ஆனால் அந்த மணியில் எடுத்தாக வேண்டிய முடிவு எதுவும் இல்லை. அந்த வருடம் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க ஜூன் 6 வரை நேரம் இருந்தது.

முதலில் குறுஞ்செய்திக்குக் காத்திருங்கள். பள்ளியில் கொடுத்த உறுதிமொழிப் படிவத்தில் உள்ள மொபைல் எண்ணுக்கு மதிப்பெண்ணே வந்துவிடும். அந்த எண் இப்போதும் உங்களிடம் இருக்கிறதா என்று ரிசல்ட்டுக்கு முன்பே பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வரவில்லையென்றால் பதிவெண், பிறந்த தேதியோடு இவற்றில் ஒன்றைத் திறங்கள்:

```
https://tnresults.nic.in
https://results.digilocker.gov.in
```

இரண்டும் தனித்தனி ஏற்பாடுகள் என்பதால் ஒன்று திணறும்போது மற்றது ஓடலாம். மாற்றி முயல்வதில் பயன் உண்டு. ஒரே தளத்தை விடாமல் புதுப்பிப்பதில் பயன் இல்லை. ரிசல்ட் பக்கத்தில் கடவுச்சொல் இல்லை, ஆகவே ஹால் டிக்கெட்டைவிட வேகமாகவே கூட்டம் கலையும். 10 மணிக்கு மேல் பெரும்பாலும் எளிதாகத் திறக்கும்.

இணையம் கைகொடுக்காத ஊர் என்றால் படித்த பள்ளியில் போய்ப் பார்க்கலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இயங்கும் தேசிய தகவலியல் மையத்திலும், மைய, கிளை நூலகங்களிலும் கட்டணம் இல்லாமல் பார்க்க ஏற்பாடு செய்கிறார்கள்.

திரையில் தெரியும் மதிப்பெண்ணை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது சான்றிதழ் ஆகாது. தற்காலிக மதிப்பெண் பட்டியல் சில நாள் கழித்துத் தனியாக வரும், அதைப் பள்ளி வழியாகவே வாங்கிக்கொள்ளலாம். விடைத்தாள் நகல், மறுகூட்டல் ஆகியவற்றுக்கு மட்டும் கொடுக்கப்படும் நாட்கள் மிகக் குறைவு. ரிசல்ட் நாளன்றே அந்தக் கடைசித் தேதியைப் பள்ளியில் கேட்டு எழுதி வையுங்கள்.